நெகட்டிவ் ப்ராம்ப்ட் உண்மையில் என்ன செய்கிறது: பொருள் படங்களில் கோணல் எழுத்து, கூடுதல் கைப்பிடி, உருகிய விளிம்பு

விற்பனைப் பொருளின் படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கிப் பார்ப்பவர்கள் மூன்று குறைகளைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். பொருளின் மேல் இருக்கும் எழுத்து எந்த மொழியிலும் சேராத கிறுக்கலாகிவிடுகிறது. ஒரு கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முளைக்கின்றன. மூடியும் உடலும் சேரும் விளிம்பு மெழுகு உருகியதைப் போல வழிகிறது. இவற்றுக்கு மருந்தாக எல்லோரும் பரிந்துரைப்பது நெகட்டிவ் ப்ராம்ப்ட், அதாவது படத்தில் வேண்டாதவற்றைத் தனியாக எழுதிக் கொடுக்கும் குறிப்பு. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே, எங்கோ கிடைத்த நாற்பது ஐம்பது சொற்களை அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்தப் பட்டியல்களில் "கூடுதல் விரல்கள்", "தவறான உடலமைப்பு" போன்றவையும் இருக்கும். கெட்டிலுக்கு விரல் ஏது?

இந்தக் கட்டுரை ஒரே ஒரு மின்சாரக் கெட்டிலின் படத்தை எடுத்துக்கொண்டு, மூன்று குறைகளில் எதற்கு நெகட்டிவ் ப்ராம்ப்ட் உதவும், எதற்கு உதவாது, ஏன் என்பதை விளக்குகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைக் கருவிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். நெகட்டிவ் ப்ராம்ப்டுக்குத் தனிப் பெட்டி இருக்கும் மற்ற கருவிகளுக்கும் அடிப்படை பெரும்பாலும் இதுவே.

## தடை உத்தரவு அல்ல

மொழி தெரியாத ஒரு தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அவரிடம் "கோணலாகத் தைக்காதீர்கள்" என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு படத்தொகுப்பைத் திறந்து, ஒரு சட்டையைக் காட்டி "இது போல வேண்டும்" என்றும், இன்னொன்றைக் காட்டி "இது போல வேண்டாம்" என்றும் சைகை செய்யலாம். அவர் முதல் படத்தை நோக்கியும் இரண்டாம் படத்திலிருந்து விலகியும் தைப்பார். தொகுப்பில் இல்லாத ஒன்றை உங்களால் சுட்டிக்காட்ட முடியாது.

படம் உருவாக்கும் மாடலின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ப்ராம்ப்ட் என்பது நாம் தட்டச்சு செய்யும் படவிவரிப்பு. அது "இது போல வேண்டும்" என்ற சுட்டல். நெகட்டிவ் ப்ராம்ப்ட் "இது போல வேண்டாம்" என்ற சுட்டல். இரண்டையுமே மாடல் ஒரு படத்தின் விவரிப்பாகத்தான் வாசிக்கிறது. "இதைச் செய்யாதே" என்ற கட்டளையாக அது எதையும் வாசிப்பதில்லை.

முதன்மை ப்ராம்ப்டில் "கைப்பிடி இல்லாமல்" என்று எழுதினால் கைப்பிடி வந்து நிற்பதற்கும் இதுவே காரணம். சொற்களை எண்களாக மாற்றும் பகுதி, குறிப்பாகப் பழைய மாடல்களில், "இல்லாமல்" என்பதை மிக மங்கலாகவும் "கைப்பிடி" என்பதை மிகத் தெளிவாகவும் பிடித்துக்கொள்கிறது. அதே காரணத்தால் நெகட்டிவ் பெட்டிக்குள் "இல்லை", "வேண்டாம்" என்ற சொற்கள் தேவையே இல்லை. விலக வேண்டியதன் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

## உள்ளே நடக்கும் கணக்கு

டிஃப்யூஷன் என்பது, முழுக்கப் புள்ளிக் குழப்பமாக இருக்கும் ஒரு படத்திலிருந்து குழப்பத்தைப் படிப்படியாக நீக்கித் தெளிந்த படத்தை வரவழைக்கும் முறை. அந்தக் குழப்பத்தை இரைச்சல் என்பார்கள். வழக்கமாக இருபது முதல் முப்பது படிகளில் இது நடக்கும். ஒவ்வொரு படியிலும் மாடல் இரண்டு முறை கணிக்கிறது: ப்ராம்ப்டின்படி அடுத்து படம் எப்படி மாற வேண்டும் என்று ஒரு முறை, நெகட்டிவ் ப்ராம்ப்டின்படி எப்படி மாறும் என்று இன்னொரு முறை. பிறகு இரண்டையும் இப்படிச் சேர்க்கிறது:

```
result = N + CFG * (P - N)
```

P என்பது ப்ராம்ப்டின் கணிப்பு. N என்பது நெகட்டிவ் ப்ராம்ப்டின் கணிப்பு. நெகட்டிவ் பெட்டி காலியாக இருந்தால், எந்த விவரிப்பும் இல்லாத பொதுவான ஒரு கணிப்பு N-இன் இடத்தில் நிற்கும். `CFG Scale` என்பது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று நாம் வைக்கும் அளவு. பொதுவாக 5 முதல் 8 வரை வைப்பார்கள்.

புரிவதற்காகச் சிறிய எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை மாடலின் உண்மையான எண்கள் அல்ல, கணக்கின் போக்கைக் காட்டுபவை மட்டுமே. கெட்டிலின் வயிற்றுப் பகுதியில் "எழுத்துத் தன்மை" P-இல் 5 என்று வையுங்கள். நாம் எழுத்தைக் கேட்கவே இல்லை, ஆனாலும் பொருள் படங்களில் பெரும்பாலும் எழுத்து இருப்பதால் மாடல் அதை எதிர்பார்க்கிறது. காலி நெகட்டிவில் N 3 என்று கொள்வோம். `CFG Scale` 6 என்றால் விடை 3 + 6 × 2 = 15. எழுத்து பலமாகத் தோன்றிவிடும். இப்போது நெகட்டிவில் text என்று எழுதியதும் N 8 ஆகிறது என்றால், விடை 8 + 6 × (−3) = −10. திசையே மாறிவிட்டது.

இதே கணக்கிலிருந்து ஓர் எல்லையும் தெரிகிறது. `CFG Scale` 1 என்று வைத்தால் விடை N + P − N, அதாவது வெறும் P. நெகட்டிவ் ப்ராம்ப்ட் முழுவதும் அடிபட்டுப் போகிறது. சில வேக மாடல்கள் இந்த அளவில்தான் ஓடும்படி பயிற்சி பெற்றவை. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் மாடலிலிருந்து வந்த எஸ்டிஎக்ஸ்எல் டர்போ அப்படிப்பட்டது. ஃப்ளக்ஸ் மாடல்களின் திறந்த வடிவங்களும் வழக்கமான அமைப்பில் நெகட்டிவ் ப்ராம்ப்டைப் பயன்படுத்துவதில்லை. அங்கே நெகட்டிவ் பெட்டியில் எவ்வளவு எழுதினாலும் படம் மாறாது. உங்கள் கருவி எந்த வகை என்று அறிய, நெகட்டிவில் blue என்று எழுதி ஒரு நீலப் பொருளை உருவாக்கிப் பாருங்கள். நிறம் துளியும் அசையவில்லை என்றால் அந்தப் பெட்டி அங்கே வேலை செய்யவில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நெகட்டிவ் ப்ராம்ப்ட் ஒரு படவிவரிப்பு, மாடல் அதிலிருந்து விலகிச் செல்கிறது, எவ்வளவு வலுவாக விலகுகிறது என்பதை `CFG Scale` தீர்மானிக்கிறது.

## எந்தச் சொல்லுக்கு வலு உண்டு

மாடல் கற்றது படங்களும் அவற்றோடு வந்த விவரிப்புகளும். ஆகவே ஒரு சொல்லுக்கு வலு இருக்க வேண்டுமானால், அந்தச் சொல் உண்மையான படங்களின் கீழே எழுதப்பட்டிருக்க வேண்டும். "நீர்க்குறி" என்று எழுதப்பட்ட படங்கள் ஏராளம். "குவியம் தவறியது" என்பதும் புகைப்பட விவரிப்புகளில் வரும். ஆனால் ஒரு கெட்டிலின் படத்துக்குக் கீழே "உருகிய விளிம்புகள்" என்றோ "கூடுதல் கைப்பிடி" என்றோ யார் எழுதியிருப்பார்கள்? அந்தக் குறைகள் மாடல்களே பிறப்பித்தவை; பயிற்சிக்குப் பயன்பட்ட புகைப்படங்களில் அவை இல்லை. சுட்டிக்காட்டுவதற்குத் தொகுப்பில் படமே இல்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

எனவே நான் முக்கியமாகக் கருதும் விதி ஒன்றுதான்: குறையின் பெயரை எழுதாதீர்கள், அந்தக் குறை எந்த உண்மையான பொருளை, எந்த உண்மையான புகைப்பட வகையை ஒத்திருக்கிறதோ அதன் பெயரை எழுதுங்கள். கீழே உள்ள எடுத்துக்காட்டு முழுவதும் இந்த விதியின் விரிவே.

நாம் உருவாக்க வேண்டியது பளபளப்பில்லாத கருநீல மின்சாரக் கெட்டில். எஸ்டிஎக்ஸ்எல் மாடல், 1024 × 1024 அளவு, முப்பது படிகள், `CFG Scale` 6. ப்ராம்ப்ட் இது:

```
studio product photo of a matte navy electric kettle, side view,
single black handle, plain light grey background, softbox lighting
```

முதலில் நெகட்டிவ் பெட்டியைக் காலியாகவே விட்டு, எட்டு வெவ்வேறு சீட் எண்களில் படங்களை எடுங்கள். சீட் என்பது தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண். மற்ற அமைப்புகள் மாறாமல் அதே சீட்டைக் கொடுத்தால் அதே படம் வரும். இந்த எட்டுப் படங்களும் அடுத்து வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒப்பிடுவதற்கான அடிப்படை. காலிப் பெட்டியில் தொடங்காதவருக்குத் தன் சொற்களில் எது வேலை செய்கிறது என்று ஒருபோதும் தெரியாது.

## கோணல் எழுத்து

எழுத்து ஏன் கெடுகிறது என்பதற்கு மாடலின் கட்டமைப்பிலேயே ஒரு விடை இருக்கிறது. எஸ்டிஎக்ஸ்எல் 1024 × 1024 படத்தை நேராக வரைவதில்லை. 128 × 128 கட்டங்கள் கொண்ட சுருக்க வடிவத்தில் உருவாக்கி, கடைசியில்தான் விரிக்கிறது. ஒரு கட்டம் எட்டுக்கு எட்டுப் பிக்சல்களுக்குப் பொறுப்பு. கெட்டிலின் மேல் பதினாறு பிக்சல் உயரத்தில் ஒரு சொல் இருந்தால், ஒவ்வோர் எழுத்தின் உயரத்துக்கும் இரண்டே கட்டங்கள்தான் கிடைக்கும். அந்த அளவில் எழுத்தின் கோடுகளையும் வளைவுகளையும் பிரித்துக் காட்ட இடமே போதாது. பிந்தைய மாடல்கள் பெரிய, குறுகிய சொற்களை வெகுவாகச் சரியாக எழுதுகின்றன என்றாலும், உங்கள் நிறுவனத்தின் எழுத்துருவை அவை அப்படியே தரும் என்று நம்ப இடமில்லை.

ஆகவே நெகட்டிவ் ப்ராம்ப்டால் கோணல் எழுத்தை நேராக்க முடியாது. எழுத்தையே அகற்ற முடியும், அவ்வளவுதான். warped text என்று எழுதினாலும் மாடல் அதில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் text என்ற பகுதியைத்தான். எனவே நேரடியாகவே எழுதிவிடலாம்:

```
text, letters, logo, watermark
```

இதற்கு ஒரு விலை உண்டு. கெட்டிலின் பக்கவாட்டில் நீர் அளவைக் காட்டும் கோடுகளும், சுவிட்சின் மேலுள்ள குறியும்கூட எழுத்தின் உறவினர்களாகக் கருதப்பட்டு மறைந்துபோகலாம். அவை தேவை என்றால் logo, watermark என்ற இரண்டை மட்டும் வைத்து, மீதியைப் பிறகு அழித்துக்கொள்வது நல்லது.

வெறுமையாகக் கிடைத்த பரப்பில் உண்மையான சின்னத்தைப் படத் திருத்தியில் வைக்க வேண்டும். கெட்டில் உருளை வடிவம் என்பதால் சின்னத்தையும் அந்த வளைவுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். கருநீலத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால், சின்னத்தைப் படத்தோடு கலக்க `Multiply` முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அதில் வெள்ளை முழுதாகக் காணாமல் போகும். `Normal` முறையில் ஒளிபுகாமையைச் சற்றே குறைத்தால், கெட்டிலின் மேல் விழும் ஒளியும் நிழலும் எழுத்தின் ஊடாகத் தெரியும். சின்னம் மேலே ஒட்டியது போல இராது.

## கூடுதல் கைப்பிடி

மூன்றில் இதுவே மிகவும் ஏமாற்றுவது. நெகட்டிவில் extra handle என்று எழுதினால் அது "கூடுதல்" என்ற எண்ணிக்கைக் கருத்தைவிடக் "கைப்பிடி" என்ற பொருட்கருத்தையே பலமாக ஏந்திச் செல்கிறது. முன்பு பார்த்த கணக்கில் அதை வைத்துப் பாருங்கள். சரியான கைப்பிடி இருக்கும் இடத்தில் P 6, காலி நெகட்டிவில் N 2 என்றால் விடை 2 + 6 × 4 = 26. extra handle எழுதியதும் அந்த இடத்தில் N 5 ஆக உயர்ந்தால் விடை 5 + 6 × 1 = 11. நாம் விரும்பிய கைப்பிடியும் பாதிக்கு மேல் பலம் இழந்துவிட்டது. படத்தில் இது, மெலிந்துபோன, ஒரு முனை உடலோடு சேராமல் அந்தரத்தில் நிற்கும் கைப்பிடியாகத் தெரியும். ஒரு சொல் எவ்வளவு வலுவாகச் செயல்பட வேண்டும் என்று குறிக்கும் எடையை 1.5 வரை ஏற்றிவிட்டுக் "கைப்பிடியே போய்விட்டது" என்று வருந்துபவர்கள் சந்திப்பது இதைத்தான்.

எனவே முதலில் அடிப்படைப் படங்களை உற்றுப் பார்த்து, கூடுதல் கைப்பிடி எங்கே, எந்த வடிவில் முளைக்கிறது என்று கவனிக்க வேண்டும். மூடிக்கு மேலே வளைவாக நின்றால், மாடல் அடுப்பில் வைக்கும் பழைய வகைக் கெட்டிலோடு குழப்பிக்கொள்கிறது. அதற்கு நெகட்டிவில் stovetop kettle. இரு பக்கமும் சமச்சீராகக் காதுகளைப் போல இருந்தால், அது சமையல் பானையின் அல்லது பரிசுக் கோப்பையின் வடிவம். அதற்கு stockpot, trophy cup. நீர் ஊற்றும் மூக்கு வளைந்து கைப்பிடியாக மாறியிருந்தால், நெகட்டிவில் தேட வேண்டியதில்லை. ப்ராம்ப்டில் மூக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லாததுதான் குறை. short spout என்று அங்கே சேர்த்தால், அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு மாடலுக்கு விடை கிடைத்துவிடும். காலியாக விடப்பட்ட இடத்தைத்தான் மாடல் தன் ஊகத்தால் நிரப்புகிறது.

நம் கெட்டிலில் கூடுதல் கைப்பிடி மேல்வளைவாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். stovetop kettle என்ற சொல்லில் kettle என்பதும் இருக்கிறது. அதிலிருந்து விலகினால் நம் கெட்டிலின் வடிவமும் சற்றே கலையும். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எடையைக் குறைப்பது. மற்றது, அந்தச் சொல்லைத் தொடக்கப் படிகளுக்கு மட்டும் செயல்பட வைப்பது. பொருளின் வெளிக்கோடு முதல் சில படிகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது; பிந்தைய படிகள் பரப்பையும் நுணுக்கத்தையும்தான் தீட்டுகின்றன. ஆட்டோமேட்டிக்1111 என்ற இடைமுகத்தில் இரண்டையும் இப்படி எழுதலாம்:

```
(stovetop kettle:0.8)
[stovetop kettle::0.4]
```

முதல் வரி எடையை 0.8 ஆக்குகிறது. இரண்டாம் வரி, மொத்தப் படிகளில் நாற்பது விழுக்காடு முடிந்ததும் அந்தச் சொல்லை நீக்கிவிடுகிறது. வடிவம் சார்ந்த சொற்களுக்கு எனக்கு இரண்டாவதே பிடித்தமானது. வேலை முடிந்ததும் சொல் விலகிக்கொள்வதால் உலோகத்தின் மெருகும் நிழலும் பாதிக்கப்படுவதில்லை. இந்த எழுத்துமுறை எல்லா இடைமுகங்களிலும் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவும்.

படத்தின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 512 × 512 அளவில் பயிற்சி பெற்ற பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடலில் நேரடியாக 1024 கேட்டால், ஒரே பொருளின் உறுப்புகள் திரும்பத் திரும்ப வருவது அதன் இயல்பு. அங்கே எந்தச் சொல்லும் உதவாது. சிறிய அளவில் உருவாக்கிப் பிறகு பெரிதாக்குவதே வழி.

படம் மற்றபடி நன்றாக வந்து, கூடுதல் கைப்பிடி ஒன்று மட்டும் உறுத்தினால், இன்பெயின்டிங் போதும். அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைத்துக் காட்டி, அதை மட்டும் திரும்ப வரையச் சொல்வது. கைப்பிடியோடு அதன் நிழலையும் சேர்த்து மறையுங்கள். நிழலை விட்டுவிட்டால் மாடல் அந்த நிழலுக்குக் காரணமான பொருளை மறுபடி கொண்டுவந்துவிடும். ப்ராம்ப்டில் plain light grey background என்று மட்டும் எழுதுங்கள். நெகட்டிவில் இப்போது handle என்று தயங்காமல் எழுதலாம்; சரியான கைப்பிடி மறைப்புக்கு வெளியே இருப்பதால் அதற்கு எந்தச் சேதமும் வராது. பழைய படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் `Denoising strength` 0.9 அளவில் இருக்கட்டும். குறைவாக வைத்தால் பழைய கைப்பிடியின் சாயல் தங்கும்.

சுருக்கமாக: கைப்பிடி என்ற சொல்லை முழுப் படத்தின் நெகட்டிவில் எழுத வேண்டாம், குழப்பத்துக்குக் காரணமான வேறு பொருளின் பெயரை எழுதலாம், கைப்பிடி என்ற சொல்லின் இடம் இன்பெயின்டிங் மறைப்புக்குள் மட்டுமே.

## உருகிய விளிம்பு

ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் இதில் நான்கு வெவ்வேறு குறைகள் கலந்திருக்கின்றன. படத்தை நூறு விழுக்காடு அளவில் வைத்து விளிம்பைச் சுற்றி வந்தால் பிரித்தறியலாம்.

பொருளின் பின்பக்க விளிம்பும் அடிப்பாகமும் மென்மையாக மங்கியிருந்தால், அது குறைந்த குவிய ஆழம் கொண்ட புகைப்படத்தின் சாயல். இதற்கு உண்மையான பெயர்கள் இருக்கின்றன, ஆகவே நெகட்டிவ் ப்ராம்ப்ட் நன்றாக வேலை செய்யும்: bokeh, out of focus, motion blur. மூடியின் விளிம்பு மங்காமல், ஆனால் களிமண்ணில் பிடித்ததைப் போல வட்டமாகக் குழைந்திருந்தால் clay, wax என்ற சொற்களை முயன்று பார்க்கலாம். அவற்றோடு ப்ராம்ப்டில் thin metal rim என்று சேர்ப்பது இன்னும் பலன் தரும்.

விளிம்பு பின்புலத்தோடு கலக்கும் இடத்தில் மட்டும் கரைந்திருந்தால், அங்கே இரண்டின் ஒளிர்வும் ஒன்றாகிவிட்டது என்று பொருள். நம் கெட்டிலின் கருநீல உடலில் பளிச்சென்று விழும் ஒளித்தெறிப்பு வெளிர்சாம்பல் பின்புலத்தைத் தொடும் இடத்தில் இது நேரும். எந்தச் சொல்லாலும் விலக்க முடியாத குறை இது, ஏனென்றால் அங்கே வேறுபடுத்திக் காட்ட ஒன்றுமே இல்லை. பின்புலத்தை ஒரு படி அடர்த்தியாக்குவதோ, ப்ராம்ப்டில் rim light சேர்ப்பதோதான் வழி.

நான்காவது, முதலில் வந்த படத்தில் விளிம்பு சரியாக இருந்து, பெரிதாக்கிய பிறகு அலை அலையாக நெளிவது. பெரிதாக்கும்போது `Denoising strength` அதிகமாக இருந்ததால் மாடல் விளிம்பைத் தன் விருப்பப்படி திரும்ப வரைந்துவிட்டது. அதை 0.2 முதல் 0.3 வரைக்குள் குறைத்தால் நெளிவு பெரும்பாலும் அடங்கும். இங்கே நெகட்டிவ் ப்ராம்ப்டை நீட்டிக்கொண்டே போவது வீண் வேலை. `CFG Scale` மிக அதிகமாக வைத்தாலும் விளிம்புகள் கருகியது போலக் கடினமாகும். சொற்கள் வேலை செய்யவில்லை என்று அதை 12, 15 என்று ஏற்றுவது ஒரு குறையைத் தீர்க்க இன்னொன்றை வாங்குவதாகும்.

## ஒரு சொல் உண்மையிலேயே உதவியதா

நெகட்டிவில் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் படம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தால் தற்செயலாக ஒரு குறை மறைந்துவிட்டால், அந்தச் சொல்லே காரணம் என்று நம்பிவிடுகிறோம். பயனற்ற நீண்ட பட்டியல்கள் வளர்வது இப்படித்தான்.

இதைத் தவிர்க்க, முதலில் எடுத்த அதே எட்டுச் சீட் எண்களில், ஒரே ஒரு சொல்லை மட்டும் சேர்த்து மீண்டும் எட்டுப் படங்களை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். காலிப் பெட்டியில் ஐந்து படங்களில் மேல்வளைவுக் கைப்பிடி இருந்து, சொல்லைச் சேர்த்த பின் ஒன்றில் மட்டுமே இருந்தால், அந்தச் சொல் வேலை செய்கிறது. ஐந்து நான்காகக் குறைந்தது என்றால் அதை நீக்கிவிடலாம். குறை நீங்கிய படங்களில் கெட்டிலின் நிறமோ உடல் வடிவமோ மாறிவிட்டதா என்பதையும் அதே ஒப்பீட்டில் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் சொல்லை வைத்துக்கொண்டு எடையை மட்டும் குறையுங்கள்.

நம் கெட்டிலில் கோணல் எழுத்தும் மேல்வளைவுக் கைப்பிடியும் பின்பக்க மங்கலும்தான் குறைகள் என்றால், இப்படிச் சோதித்த பிறகு நெகட்டிவ் பெட்டியில் மிஞ்சுவது இவ்வளவே:

```
text, logo, watermark, bokeh, out of focus, [stovetop kettle::0.4]
```

அடுத்த பொருள் ஒரு விளக்காகவோ கைப்பையாகவோ இருந்தால், முதல் ஐந்தை அப்படியே எடுத்துச் செல்லலாம். கடைசிச் சொல்லை மட்டும், அந்தப் பொருளின் காலிப் பெட்டிப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.